ஆயுள் வேறான இரண்டு கம்ப்ரஸர்களில் எது மலிவு: சமான ஆண்டுச் செலவுக் கணக்கு

*கோவையில் சின்ன ஜாப் ஒர்க் ஷெட், இரண்டு ஷிஃப்ட். 10 எச்பி கம்ப்ரஸர் மாற்ற வேண்டும். பிஸ்டன் 1,30,000 ரூபாய், 5 வருஷம் வரும். ஸ்க்ரூ 3,40,000, 12 வருஷம் வரும், கரண்ட்டும் மிச்சம் என்கிறார்கள். எங்கள் கணக்குப்பிள்ளை மொத்தச் செலவின் இன்றைய மதிப்பைப் போட்டு, பிஸ்டனுக்குப் பாதிதான் ஆகிறது என்கிறார். அண்ணன் விலையை வருஷத்தால் வகுத்துப் பார்த்து ஸ்க்ரூ வாங்கு என்கிறார். பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம். யார் சொல்வது சரி?*

இருவர் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. அண்ணன் சொல்லும் முடிவு சரியாக அமைய வாய்ப்பு உண்டு, ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அதோடு, இந்த இரண்டில் எதை வாங்குவது என்பது கடைசியில் விலையைவிட உங்கள் ஷெட்டில் கம்ப்ரஸர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் காற்று தராமல் சும்மா சுற்றுகிறது என்பதைப் பொறுத்தே நிற்கும். அதுவரை படிப்படியாகப் போவோம்.

கணக்குப்பிள்ளை செய்ததில் வட்டிக் கணக்கு தவறில்லை. ஒப்பிட்ட பொருள்தான் தவறு. பிஸ்டனுக்கு அவர் போட்டது ஐந்து வருஷக் காற்றுக்கான செலவு. ஸ்க்ரூவுக்குப் போட்டது பன்னிரண்டு வருஷக் காற்றுக்கான செலவு. ஐந்து கிலோ அரிசி மூட்டையையும் பன்னிரண்டு கிலோ மூட்டையையும் பக்கத்தில் வைத்து, சின்ன மூட்டை விலை குறைவு என்று சொல்வதைப் போன்றது அது. கிலோ விலைக்கு வந்தால்தான் ஒப்பிட முடியும். இயந்திரத்தில் அந்தக் கிலோ விலைதான் சமான ஆண்டுச் செலவு.

இதை முழுதாகச் செய்ய இன்னொரு வழியும் உண்டு. 5-க்கும் 12-க்கும் பொதுவான 60 ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, பிஸ்டனைப் பன்னிரண்டு முறையும் ஸ்க்ரூவை ஐந்து முறையும் வாங்கியதாக வைத்து, எல்லாச் செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரலாம். விடை ஒன்றேதான் வரும். ஆண்டுச் செலவுக் கணக்கு அந்த 60 வருஷ அட்டவணையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த இரண்டு வரிக்குள், தேய்ந்ததும் அதே மாதிரி இயந்திரத்தையே மறுபடி வாங்குவோம் என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. கடைசியில் அதற்குத் திரும்ப வருகிறேன்.

கணக்கின் உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிந்த இஎம்ஐதான். இயந்திரத்தை உங்கள் வட்டி விகிதத்தில், அதன் முழு ஆயுளுக்கும் ஆண்டுத் தவணையில் எடுத்தால் தவணை என்ன வரும்? அதிலிருந்து, கடைசியில் பழைய இயந்திரமாக விற்று வரும் பணத்துக்குரிய ஆண்டுப் பங்கைக் கழியுங்கள். பிறகு கரண்ட், சர்வீஸ் முதலான ஆண்டுச் செலவைக் கூட்டுங்கள். அதே இயந்திரத்தை ஒருவர் உங்களுக்கு வாடகைக்கு விட்டால், லாபமும் நட்டமும் இல்லாமல் அவர் கேட்க வேண்டிய வருஷ வாடகை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இனி எண்களுக்குப் போவோம். நீங்கள் தராதவற்றை நானாக வைக்கிறேன். உங்கள் ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும். 10 எச்பி என்று இரண்டின் பெயர்ப்பலகையிலும் எழுதியிருப்பதால் வேலை ஒன்றாகிவிடாது. கொட்டேஷனில் ஏழரை பார் அழுத்தத்தில் வெளியே தரும் காற்று எத்தனை சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கன அடி என்று கேளுங்கள். பிஸ்டனுக்குச் சிலர் சிலிண்டர் அளவை வைத்துக் கணக்கிட்ட கொள்ளளவை எழுதுவார்கள். உண்மையில் வெளியே வருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. வெளியே வரும் காற்று பிஸ்டனில் 35 சிஎஃப்எம், ஸ்க்ரூவில் 42 என்று வைப்போம்.

ஷெட் நாளுக்கு 16 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள், ஆக 4,800 மணி நேரம் ஓடுகிறது. அதில் பிஸ்டன் முக்கால் பங்கு நேரம், அதாவது 3,600 மணி நேரம் ஓடி 8.5 கிலோவாட் இழுக்கிறது. 30,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 2,44,800 ரூபாய். வால்வ் பிளேட், ரிங், பெல்ட், ஆயில் எல்லாம் சேர்த்து வருஷம் 22,000. மொத்த ஆண்டுச் செலவு 2,66,800.

அதே காற்றைத் தர ஸ்க்ரூவுக்கு 3,600-ல் 42-க்கு 35 பங்கு, அதாவது 3,000 மணி நேரம் போதும். விசிறியோடு சேர்த்து 8.8 கிலோவாட் என்றால் 26,400 யூனிட். இதோடு லோடு இல்லாமல் வெறுமனே சுற்றும் நேரம் வருஷத்துக்கு 300 மணி நேரம், அப்போது 3 கிலோவாட் என்று வைத்தால் இன்னொரு 900 யூனிட். ஆக 27,300 யூனிட், 2,18,400 ரூபாய். ஆயில், ஃபில்டர், ஆயில் செப்பரேட்டர் என்று சர்வீஸ் 28,000. மொத்தம் 2,46,400.

ஆக ஓட்டும் செலவில் ஸ்க்ரூ வருஷத்துக்கு 20,400 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. கரண்ட்டில் மட்டும் பார்த்தால் 26,400. சர்வீஸில் 6,000 திரும்பப் போய்விடுகிறது. விற்க வருகிறவர் 26,400-ஐத்தான் சொல்வார்.

ஆயுள் முடிவில் பழைய இயந்திரமாக விற்றால் பிஸ்டனுக்கு 20,000, ஸ்க்ரூவுக்கு 40,000 கிடைக்கும் என்று வைப்போம். ஸ்க்ரூவுக்கு ஏழாம் ஆண்டு முடிவில், ஏறத்தாழ 23,000 மணி நேரத்தில், காற்றை அழுத்தும் பகுதியான ஏர்எண்டின் பேரிங் மாற்றி ஓவர்ஹால் செய்ய இன்றைய விலையில் 60,000. இந்த ஓவர்ஹாலைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 12 வருஷம் வரும் என்று சொல்கிறவரிடம், இடையில் ஏர்எண்டுக்கு என்ன செலவாகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஓவர்ஹால் இல்லாமல் வரும் ஆயுள் எவ்வளவு, செய்தால் எவ்வளவு என்று தெரியாமல் ஆயுளை எழுதவே முடியாது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கொட்டேஷனில் உள்ள 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுப்பீர்கள் என்றால், விலையை ஜிஎஸ்டி நீக்கியே போடுங்கள். மேலே உள்ள விலைகளை அப்படித்தான் எடுத்திருக்கிறேன். அடுத்து, தேய்மானத்தையோ வங்கி வட்டியையோ தனி ஆண்டுச் செலவாகச் சேர்க்காதீர்கள். இயந்திர விலையையும் வட்டியையும் ஆண்டுத் தவணை ஏற்கெனவே விழுங்கிவிட்டது. லாப நட்டக் கணக்கிலிருந்து செலவுகளை அப்படியே எடுத்து எழுதும்போது இந்த இரட்டைக் கணக்கு நுழைந்துவிடும், அதுவும் விலை அதிகமான இயந்திரத்தையே அதிகம் அடிக்கும். வருமான வரியைச் சேர்ப்பதானால் எல்லாவற்றிலும் சேருங்கள்: ஓட்டும் செலவு, ஆண்டுக்கு 15 சதவீதம் குறைந்துவரும் மதிப்பில் கிடைக்கும் தேய்மானச் சலுகை, வட்டி விகிதம் மூன்றிலும். ஒன்றில் சேர்த்து இன்னொன்றில் விட்டால் சேர்க்காமல் இருப்பதே மேல். கீழே வரி இல்லாமல் போடுகிறேன்.

அண்ணன் கணக்கு இப்படி வரும். பிஸ்டனுக்கு 1,30,000-ல் 20,000 போக 1,10,000. ஐந்தால் வகுத்தால் வருஷம் 22,000. ஸ்க்ரூவுக்கு விலையும் ஓவர்ஹாலும் சேர்ந்து நான்கு லட்சம், அதில் 40,000 போக 3,60,000. பன்னிரண்டால் வகுத்தால் 30,000. கூடுதல் 8,000-தான், மிச்சமோ 20,400. ஸ்க்ரூ வருஷத்துக்கு 12,400 லாபம் என்று தெரியும். இதில் விடுபட்டது, முதல் நாளே கூடுதலாகக் கொடுக்கும் 2,10,000 ரூபாய் இத்தனை வருஷமும் தூங்கிக் கிடப்பதற்கான வட்டி. ஆயுள் நீள நீள, வகுத்துப் பார்க்கும் முறை அந்த வட்டியை அதிகம் மறைக்கும். அதனால் நீண்ட ஆயுள் உள்ள இயந்திரம் எப்போதுமே இருப்பதைவிட மலிவாகத் தோன்றும்.

சரி, ஓவர்டிராஃப்ட் வட்டியான 12 சதவீதத்தை அப்படியே வைத்துப் பார்ப்போம். வருஷக் கடைசியில் ஒரு ரூபாய் வீதம் ஐந்து வருஷம் கிடைப்பதன் இன்றைய மதிப்பு, 12 சதவீதத்தில் 3.6048 ரூபாய். பன்னிரண்டு வருஷத்துக்கு 6.1944. விலையை இந்த எண்ணால் வகுத்தால் ஆண்டுத் தவணை கிடைக்கும். பிஸ்டனுக்கு 36,063, பழையதாக விற்பதன் ஆண்டுப் பங்கு 3,148 போக 32,915. ஸ்க்ரூவுக்கு 54,888, விற்பதன் பங்கு 1,657 போக 53,231. ஓவர்ஹால் ஒரே ஒரு வருஷம் வரும் செலவு என்பதால் அதை முதலில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்: ஏழு வருஷத்துக்கு 12 சதவீதம் கழித்தால் 60,000 ரூபாய் 27,141 ஆகும். அதை 6.1944-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 4,382. ஸ்க்ரூவின் பங்கு மொத்தம் 57,613.

இரண்டுக்கும் வித்தியாசம் 24,698. மிச்சமோ 20,400 மட்டும். ஓட்டும் செலவையும் சேர்த்தால் பிஸ்டன் 2,99,715, ஸ்க்ரூ 3,04,013. பிஸ்டன் வருஷத்துக்கு 4,298 ரூபாய் மலிவு. அண்ணன் தோற்றுவிட்டார் என்று இங்கேயே பலர் பேனாவை மூடிவிடுவார்கள்.

மூடக் கூடாது. இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கமான தவறு இருக்கிறது. இந்த முறையைக் கற்றுக்கொண்டவர்களும் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

12 சதவீதம் என்பது விலைவாசி ஏற்றத்தையும் உள்ளடக்கிய வட்டி. ஆனால் நாம் போட்ட யூனிட் விலை, சர்வீஸ், ஓவர்ஹால் எல்லாம் இன்றைய ரூபாய். அதைவிட முக்கியமாக, ஐந்து வருஷம் கழித்து அடுத்த பிஸ்டனையும் அதே 1,30,000-க்கு வாங்குவோம் என்று இந்தக் கணக்கு சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டது. விலைகள் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் அந்த இரண்டாவது பிஸ்டன் 1,65,917 ரூபாய் ஆகியிருக்கும். பத்தாம் வருஷம் மூன்றாவது பிஸ்டன் இன்னும் ஏறியிருக்கும். ஸ்க்ரூ வாங்கியவர் அந்த ஏற்றங்களிலிருந்து பன்னிரண்டு வருஷம் தப்பித்துவிடுகிறார். அவர் மிச்சம் பிடிக்கும் கரண்ட்டும் வருஷா வருஷம் அதிக ரூபாய் பெறும். வட்டியில் விலைவாசியைச் சேர்த்துவிட்டு, செலவில் சேர்க்காமல் விட்டால், அடிக்கடி மாற்ற வேண்டிய இயந்திரத்துக்குக் கணக்கு ஒருதலையாகச் சாய்ந்துவிடும்.

சரிசெய்வது எளிது. செலவுகளை இன்றைய ரூபாயிலேயே விட்டு, வட்டியிலிருந்து விலைவாசியை எடுத்துவிடுங்கள். 1.12-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1.0667, அதாவது 6.67 சதவீதம். வெறுமனே 12-ல் 5-ஐக் கழித்து 7 என்று போட்டால் கொஞ்சம் பிசகும், வகுப்பதே சரி. இந்த வட்டியில் ஐந்து வருஷத்துக்கான எண் 4.1371, பன்னிரண்டு வருஷத்துக்கு 8.0857.

பிஸ்டனின் தவணை 31,423. விற்பதன் பங்கு 3,501 போக 27,922. ஸ்க்ரூவின் தவணை 42,049. விற்பதன் பங்கு 2,280 போக 39,769. ஓவர்ஹால் இன்றைய மதிப்பில் 38,190, ஆண்டுக்கு 4,723. ஆக 44,492. வித்தியாசம் 16,570 ஆகச் சுருங்கிவிட்டது. ஓட்டும் செலவோடு பிஸ்டன் 2,94,722, ஸ்க்ரூ 2,90,892. இப்போது ஸ்க்ரூ வருஷத்துக்கு 3,830 ரூபாய் மலிவு. விடை தலைகீழாகிவிட்டது. இந்த ஆண்டுச் செலவு இன்றைய ரூபாயில் உள்ளது. கையிலிருந்து போகும் ரூபாய் வருஷம் 5 சதவீதம் ஏறிக்கொண்டே போகும்.

எக்ஸெலில் இதற்கு மூன்று கட்டம் போதும்:

```
B1:  =(1+12%)/(1+5%)-1
B2:  =-PMT(B1,5,130000,-20000)+266800
B3:  =-PMT(B1,12,340000+60000/(1+B1)^7,-40000)+246400
```

பழையதாக விற்று வரும் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதைக் கவனியுங்கள். அது விடுபட்டால் விற்று வரும் பணம் செலவாகச் சேர்ந்துவிடும், பிழைச் செய்தியும் வராது. சரியாகப் போட்டிருக்கிறோமா என்று பார்க்க, அந்தத் தொகையைப் பூஜ்யமாக்குங்கள். ஆண்டுச் செலவு ஏற வேண்டும். இறங்கினால் குறி தவறு.

வருஷா வருஷம் ஏறும் செலவு இருந்தால் இந்த ஒற்றை வரி போதாது. பிஸ்டனில் வால்வ் கசியத் தொடங்கியதும் அதே காற்றுக்கு அதிக நேரம் ஓடும். ஐந்தாம் வருஷக் கரண்ட் முதல் வருஷத்தைவிட அதிகமாக இருக்கும். அப்போது ஒவ்வொரு வருஷச் செலவையும் தனித்தனியாக இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, அந்த மொத்தத்தைத் தவணையாக்க வேண்டும். இதைச் செய்தால் கூடுதலாக ஒன்று தெரியவரும். பிஸ்டனை நான்கு, ஐந்து, ஆறு வருஷத்தில் மாற்றினால் ஆண்டுச் செலவு என்ன என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள். மிகக் குறைவாக வரும் வருஷம்தான் அதன் உண்மையான ஆயுள். "5 வருஷம் வரும்" என்று விற்பவர் சொல்வது அது உடையாமல் ஓடும் காலம். நமக்கு வேண்டியது அதை வைத்திருப்பது லாபமாக இருக்கும் காலம்.

இப்போது அந்த 3,830 ரூபாயை நிதானமாகப் பார்ப்போம். மொத்த ஆண்டுச் செலவில் அது ஒன்றேகால் சதவீதம் அளவுதான். நாம் போட்ட எண்களில் இருக்கும் பிசகு அதைவிடப் பெரிது. ஆயுளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ பன்னிரண்டு வருஷத்துக்குப் பதில் பதினொன்றில் முடிந்தால் 2,93,421. இன்னும் பிஸ்டனைவிட மலிவு. பத்தில் முடிந்தால் 2,96,478, பிஸ்டன் முந்திவிடும். ஆக உங்கள் முடிவு, இந்த ஸ்க்ரூ பதினொரு வருஷம் தாங்குமா என்ற ஒரே கேள்வியில் தொங்குகிறது. கம்ப்ரஸர் அறை அனலாக இருந்தால், வெல்டிங் புகையும் கிரைண்டிங் தூசியும் உறிஞ்சப்பட்டால், ஆயில் மாற்றம் தள்ளிப்போனால், அந்தப் பதினொன்று வராது. இப்படி ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி, முடிவு எங்கே மாறுகிறது என்று எழுதிவைக்காமல் ஒற்றை விடையோடு நிறுத்துவது, கணக்கே போடாமல் இருப்பதைவிடப் பெரிதாக உதவாது.

எல்லா எண்களிலும் முடிவை அதிகம் புரட்டிப்போடுவது ஸ்க்ரூ வெறுமனே சுற்றும் அந்த 300 மணி நேரம். பிஸ்டனில் பிரஷர் சுவிட்ச் இருக்கும். டேங்க் நிரம்பியதும் மோட்டார் நின்றுவிடும், நின்றால் கரண்ட் இல்லை. ஸ்க்ரூ பெரும்பாலும் அப்படி உடனே நிற்காது. மோட்டாரை மணிக்குப் பல முறை ஸ்டார்ட் செய்தால் சூடேறிக் கெடும் என்பதால், உறிஞ்சும் வால்வை மூடிக்கொண்டு சில நிமிஷம் லோடு இல்லாமல் சுற்றும். அதற்குள் காற்றுத் தேவை வராவிட்டால்தான் நிற்கும். ஜாப் ஒர்க் ஷெட்டில் காற்று விட்டுவிட்டுத் தேவைப்படும். ஒருவர் ஏர் கன்னால் பிசிறு ஊதுவார், இரண்டு நிமிஷம் கழித்து ஒரு சக் திறக்கும். அழுத்தம் மெல்லக் குறையும், மறுபடி லோடு ஏறும், மறுபடி வெறுமனே சுற்றும். நிற்கும் நேரமே வராது.

அப்படி ஒரு நாள் முழுக்க நிற்காமல் போனால், லோடு போக மிச்சமுள்ள 1,800 மணி நேரமும் 3 கிலோவாட் வீதம் 5,400 யூனிட். மொத்தம் 31,800 யூனிட். பிஸ்டனுக்கு ஆவது 30,600 யூனிட். கரண்ட் மிச்சம் என்று வாங்கிய இயந்திரம் கரண்ட்டை அதிகம் இழுக்கும். ஸ்க்ரூவின் ஆண்டுச் செலவு 36,000 ரூபாய் ஏறி, பிஸ்டனைவிட 32,000-க்கு மேல் நட்டமாகிவிடும்.

எல்லை எங்கே? வெறுமனே சுற்றும் ஒரு மணி நேரத்துக்கு 24 ரூபாய். 3,830-ஐ 24-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 160. ஆக 300-க்கு மேல் இன்னும் 160 மணி நேரம்தான் தாங்கும். வருஷத்துக்கு 460 மணி நேரம், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் அடங்கினால் ஸ்க்ரூ, தாண்டினால் பிஸ்டன்.

இதை வாங்குவதற்கு முன்பே ஓரளவு அளந்துவிடலாம். இப்போது ஓடும் பழைய கம்ப்ரஸர் பக்கத்தில் காலை, மதியம், இரவு ஷிஃப்ட் என்று மூன்று வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம் ஒருவர் கடிகாரத்தோடு நின்று, மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று குறிக்கட்டும். நிற்கும் இடைவெளிகள் நீளமாக, பத்து இருபது நிமிஷமாக வந்தால் ஸ்க்ரூவும் நின்றுவிடும், கவலையில்லை. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால் ஸ்க்ரூ வெறுமனேதான் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது பெரிய ஏர் டேங்க் வைத்தால் இடைவெளி நீளும். டேங்க் விலையை ஸ்க்ரூ விலையோடு சேர்த்து மறுபடி கணக்குப் போடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எந்த மெஷினும் ஓடாதபோது கம்ப்ரஸர் ஓடினால், லைனில் கசிவு இருக்கிறது. அதை அடைத்துவிட்டுப் பிறகு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கசிவுக்காக ஒரு கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுத்ததாகிவிடும். வாங்கிய பிறகு ஸ்க்ரூவின் கன்ட்ரோலர் திரையில் ஓடிய மணி நேரம், லோடு மணி நேரம் என்று இரண்டு எண் இருக்கும். வித்தியாசம்தான் வெறுமனே சுற்றிய நேரம். முதல் மாதமே பாருங்கள். நின்று போகும் நேர அமைப்பைச் சர்வீஸ் ஆள் மோட்டாருக்கு ஏற்றபடி குறைத்துத் தர முடியும்.

இனி முதலில் தள்ளிவைத்த அனுமானம். அதே இயந்திரத்தை மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டே போவோம் என்பது ஷெட் உங்கள் சொந்த இடமாக இருந்தால் சரி. வாடகை ஷெட், ஒப்பந்தம் ஆறு வருஷத்தில் முடிகிறது, அதன்பின் தொழிலே எப்படி இருக்கும் என்று தெரியாது என்றால் ஆண்டுச் செலவுக் கணக்கை முழு ஆயுளுக்குப் போடக் கூடாது. இரண்டையும் அந்த ஆறு வருஷத்துக்குள் வைத்து அளக்க வேண்டும்.

6.67 சதவீதத்தில் ஆறு வருஷத்துக்கான எண் 4.8160. ஸ்க்ரூவை ஆறாம் வருஷக் கடைசியில், ஓவர்ஹாலுக்கு முன்பே விற்றுவிடுகிறோம், இன்றைய ரூபாயில் 1,10,000 கிடைக்கிறது என்று வைப்போம். தவணை 70,598, விற்பதன் பங்கு 15,507 போக 55,091. ஓட்டும் செலவோடு 3,01,491. பிஸ்டனுக்கு ஐந்தாம் வருஷக் கடைசியில் 35,000 செலவு செய்து தலைப்பகுதியைப் புதுப்பித்து ஒரு வருஷம் இழுத்து, 15,000-க்கு விற்கிறோம். அதன் பங்கு 30,142. ஓட்டும் செலவோடு 2,96,942. பிஸ்டன் வருஷத்துக்கு 4,549 ரூபாய் மலிவு.

இங்கே ஆயுள், ஓவர்ஹால், விலைவாசி எல்லாம் பின்னுக்குப் போய், ஆறு வருஷம் ஓடிய ஸ்க்ரூவை எவ்வளவுக்கு விற்க முடியும் என்பதே எல்லாமாகிவிடுகிறது. 1,42,000 ரூபாய்க்கு மேல் போகும் என்றால் ஸ்க்ரூ, குறைந்தால் பிஸ்டன். பழைய கம்ப்ரஸர் வாங்கி விற்பவர்களிடம், 20,000 மணி நேரம் ஓடிய, ஓவர்ஹால் ஆகாத இதே மாடல் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு பேரிடம் கேட்டால் அந்த எண் கிடைத்துவிடும்.